‘ஏன்’ என்று கேட்டாலும் மனப்பாடம்தான்

‘மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன்?’ ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தால், அது மாணவரைச் சிந்திக்க வைக்கும் கேள்வியா? ‘ஏன்’ என்று தொடங்குவதால் பலரும் ஆமாம் என்பார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் இதே கேள்வியும் பதிலும் இருந்து, வகுப்பில் எழுதியும் போட்டிருந்தால், அந்தப் பதிலை மாணவர் ஒப்பிக்கிறார், அவ்வளவுதான். அதையே கொஞ்சம் திருப்பி, ‘ஐப்பசி அடைமழை நாளில் அதே பானைத் தண்ணீர் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் குறையும் என்று படித்ததை, படிக்காத ஒரு நிலைமைக்குப் பொருத்த வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்தவர்களும் தேர்வு நடத்தியவர்கள்தான். 1948இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள், தங்களுக்குள் கேள்விகளைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான வகைப்பாடு ஒன்று வேண்டும் என்று பேசினார்கள். அந்தப் பேச்சின் பலனாக, சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் பதிப்பாசிரியராக இருந்து 1956இல் ஒரு நூல் வெளிவந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்று ஆறு படிகள். 2001இல் திருத்தியபோது ‘உருவாக்குதல்’ உச்சிக்குப் போக, மதிப்பிடுதல் ஒரு படி இறங்கியது. பி.எட். படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் தலைகீழ்ப் பாடம். முழுத்தாளையும் வைத்து எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

எண்ணிப் பார்ப்போம். மாதிரிக்கு 50 மதிப்பெண் தாள் ஒன்று: ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்து, இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் நான்கு. ஒரு மதிப்பெண் கேள்விகள் அத்தனையும் அறிதல். இரண்டு மதிப்பெண்ணில் ஏழு ‘வரையறு’, ‘எழுதுக’ வகை, மூன்று புரிதல். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு ‘விவரி’, ஒன்று ‘ஏன்’, ஒன்று கணக்கு. கேள்வியின் வினைச்சொல்லை மட்டும் பார்த்தால் அறிதல் 34, புரிதல் 11, பயன்படுத்துதல் 5. இப்போது பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கு எடுத்துக்காட்டுக் கணக்கேதான், எண்கூட மாறவில்லை. ஆக அறிதல் 39, பயன்படுத்துதல் சுழியம். கேள்விகளை எண்ணாமல் மதிப்பெண்ணை எண்ணுவதும் முக்கியம். பத்து ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு ஈடு இரண்டே நெடுவினாக்கள்.

சரிசெய்யத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். ஒரு மதிப்பெண்ணில் நான்கைப் புரிதலாக மாற்றலாம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் அது முடியும். இரண்டு மதிப்பெண்ணில் மூன்று, மழைநாள் பானை போலப் புதிய நிலைமைக்கு மாறட்டும். கணக்கில் எண்ணையும் சூழலையும் மாற்றினால் அது பயன்படுத்துதல் ஆகிவிடும். எஞ்சிய இரண்டு ‘விவரி’களில் ஒன்றுக்குப் பதிலாக, நான்கு ஈரத்துணிகள் காய்ந்த நேரம், வெப்பம், காற்று ஆகியவற்றை அட்டவணையாகத் தந்து, காற்றின் விளைவை அறிய எந்த இரண்டை ஒப்பிட வேண்டும், காரணம் என்ன என்று கேட்கலாம். அது பகுத்தாய்தல். இன்னொன்று மதிப்பிடுதலுக்கு. இப்போது கணக்கு 14, 15, 11, 5, 5. அட்டவணையைப் படிக்கவே நேரம் பிடிக்கும் என்பதால், தாளை ஆசிரியர் தானே ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

மதிப்பிடுதலில்தான் சறுக்கல் அதிகம். ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டால் எதை எழுதினாலும் சரி, அல்லது ஆசிரியருக்குப் பிடித்ததே சரி. உரைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். காற்று வீசினால் துணி சீக்கிரம் காயும் என்று காட்ட ஒரு மாணவன், ஒரு துணியைக் காற்றடிக்கும் மொட்டைமாடி வெயிலிலும், இன்னொன்றை அறைக்குள்ளும் போட்டான். மாடித் துணி முந்திக் காய்ந்தது. இந்தச் சோதனை அவன் சொன்னதை நிரூபிக்கிறதா? நிரூபிக்கவில்லை என்பதற்கு 1 மதிப்பெண். வெயிலும் மாறியிருப்பதைக் கண்டுபிடித்ததற்கு 2. அதனால் முடிவு ஏன் கெடுகிறது என்று விளக்கினால் 2.

கடினம் வேறு, படி வேறு என்பதும் நினைவிருக்கட்டும். புத்தகத்தின் மூலையில் ஒளிந்த ஆண்டைக் கேட்டால் பாதி வகுப்பு தோற்கும். ஆனாலும் அது அறிதல்தான்.

கடைசியில் ‘அல்லது’ இருக்கிறது. துணிச் சோதனைக் கேள்விக்கு மாற்றாக ‘ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகளை விவரி’ என்று கொடுத்துவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள். திட்ட வரைவில் மதிப்பிடுதல் 5 என்று இருக்கும். விடைத்தாள் கட்டில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.