தவறான விடைகளை அமைக்கும் கணக்கு

நிகழ்தகவில் பலவுள் தெரிவு வினா அமைப்பவருக்குச் சரியான விடையைக் கண்டுபிடிப்பது சிரமமே அல்ல. மற்ற மூன்று விடைகளில்தான் வேலை இருக்கிறது. ஏதோ மூன்று பின்னங்களைப் போட்டு நிரப்பினால், மாணவர் தவறினார் என்பது மட்டும் தெரியும், எங்கே தவறினார் என்பது தெரியாது. ஒவ்வொரு தவறான விடையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையின்படி கணக்குப் போட்டால் வரும் எண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டு சீரான பகடைகளை உருட்டினால் கூடுதல் 8 வர நிகழ்தகவு என்ன? மொத்த விளைவுகள் 36. அவற்றில் (2,6), (3,5), (4,4), (5,3), (6,2) ஆகிய ஐந்தும் சாதகமானவை; விடை 5/36. கூடுதல் 2 முதல் 12 வரை பதினொரு எண்களாக வரலாம், 8 அவற்றில் ஒன்று என்று எண்ணும் மாணவர் 1/11 என்பார். (2,6), (6,2) இரண்டையும் ஒன்றாகவே எண்ணுபவருக்கு மொத்தம் 21 சோடிகள், சாதகமானவை மூன்று, விடை 1/7. வரிசை முக்கியம் என்று அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர், எச்சரிக்கை மிகுந்து (4,4)-ஐயும் இருமுறை எண்ணி 1/6-ஐத் தொடுவார். இரண்டாவது பிழை மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நுண்கணிதம் கண்ட லைப்னிட்ஸே இரு பகடைகளில் 11-உம் 12-உம் சம வாய்ப்புள்ளவை என்று எழுதியிருக்கிறார். உண்மையில் 11 இரண்டு வழிகளில் வரும், 12 ஒரே வழியில்தான்.

இதே வினாவில் 8-க்குப் பதில் 7 கேட்டால் பாதிப் பயன் போய்விடும். 7-க்கு இரட்டை எண் சோடி கிடையாது. எனவே இரட்டையை இருமுறை எண்ணும் மாணவரும் 6/36 என்ற சரியான விடைக்கே வந்து சேர்வார். 1/7-ஐத் தேர்ந்தவர் சோடிகளைத் தவறாக எண்ணினாரா, வினாவில் 7-ஐப் பார்த்து ஊகித்தாரா என்பதும் விளங்காது.

பந்துகளிலும் எண் தேர்வுதான் வினாவைத் தீர்மானிக்கிறது. பையில் 4 சிவப்பு, 4 நீலம் என்றால், இரண்டு நிறம் இருப்பதால் பாதி வாய்ப்பு என்று நினைப்பவரும் தப்பிவிடுவார். 3 சிவப்பு, 5 நீலம் என்றால் அவர் 1/2-இல் சிக்குவார். சிவப்பை மொத்தத்தோடு ஒப்பிடாமல் நீலத்தோடு ஒப்பிடுபவர் 3/5-இல் சிக்குவார். சரியான விடை 3/8.

அதே பையிலிருந்து, எடுத்ததைத் திரும்ப வைக்காமல் இரண்டு பந்துகள் எடுக்கும்போது இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு 3/8 × 2/7 = 3/28. இரண்டாம் முறையும் பை மாறவில்லை என்று கொள்பவருக்கு 9/64 வரும். மொத்தத்தை மட்டும் குறைத்துச் சிவப்பைக் குறைக்க மறந்தவருக்கு 9/56.

52 சீட்டுகளில் ஒன்றை எடுக்கையில் அது சிவப்பாகவோ இராசாவாகவோ இருக்க, 26-உம் 4-உம் கூட்டி இரண்டு சிவப்பு இராசாக்களைக் கழிக்க வேண்டும். விடை 28/52, அதாவது 7/13. கழிக்க மறந்தவருடைய 30/52-ஐ 15/26 என்று சுருக்கித்தான் தர வேண்டும். சரியான விடையை மட்டும் சுருக்கித் தந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றைவிடப் பெரிய பின்னமும் வேண்டாம். கணக்குப் போடாமலே அதை ஒதுக்கிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்து அமைத்தாலும் ஒரே வினாவை வைத்து முடிவுகட்ட இயலாது. 9/64-ஐக் குறித்தவர் ‘திரும்ப வைக்காமல்’ என்ற சொற்களைக் கவனிக்காமல் விட்டவராகவும் இருக்கலாம். அதே பிழையை வேறு எண்களில், சீட்டுக்கட்டை வைத்து இன்னொரு முறை கேட்டு, அப்போதும் அதே வழியில் போகிறாரா என்று பார்க்க வேண்டும்.