மாடி வீட்டுச் சத்தம்: மனக்கசப்பு வராமல் சொல்வது எப்படி?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். இரவு 11 மணிக்கு மேல் மாடி வீட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிறது, நாற்காலியும் இழுபடுகிறது. உடனே போய்ச் சொல்லலாமா?

பதில்: அந்த நேரத்தில் போக வேண்டாம். தூக்கம் கெட்ட எரிச்சல் உங்கள் குரலில் தெரிந்துவிடும். முதலில் சத்தம் மாடியிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். கான்கிரீட் தளமும் தூண்களும் அதிர்வைப் பக்கவாட்டிலும் கடத்தும் என்பதால், தலைக்கு மேல் கேட்பது அடுத்த வீட்டுச் சத்தமாகவும் இருக்கலாம். சில நாட்கள் என்ன சத்தம், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

பதில்: விடுமுறை நாள் காலையில், ஒருவர் மட்டும் போங்கள். “சார், ஒரு உதவி கேக்கணும். ராத்திரி பதினொன்றரைக்கு உங்க மெஷின் சுத்துறப்ப எங்க படுக்கையறை வரைக்கும் அதிருது. மேல இருக்கிற உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் முன்னாடியே போட முடியுமா?” என்று கேட்கலாம். “எப்பப் பாத்தாலும் சத்தம்” என்று சொன்னால் அவர் மறுக்கத்தான் பார்ப்பார். ஒரே சத்தத்தை, நேரத்தோடு சொன்னால் யோசிப்பார்.

“வேலை முடிஞ்சு வரவே பத்தாகுதே” என்று அவர் சொன்னால், துணியை இரவே போட்டுவிட்டு, மெஷின் காலையில் தானாக ஓடும்படி டைமர் வைக்க முடியுமா என்று கேளுங்கள். மெஷினின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதியாவிட்டால் துணி பிழியும்போது அதிர்வு கூடும்; அதைச் சரிசெய்தாலே பெருமளவு குறையும். நாற்காலிக் கால்களுக்கு ஹார்டுவேர் கடையில் ரப்பர் புஷ் கிடைக்கும். கைக்குழந்தை அழுவதைக் குறையாகச் சொல்லாதீர்கள்; அது யார் கையிலும் இல்லை.

கேள்வி: குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: கூடாது. நாலு பேர் பார்க்கச் சொன்னால் அவருக்கு அது அவமானமாகிவிடும். பிறகு சத்தம் குறைந்தாலும் பேச்சு நின்றுவிடும். நேரில் இரண்டு முறை சொல்லியும் மாறாவிட்டால், சங்கச் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெயர் குறிப்பிடாமல் எல்லோருக்குமான இரவு நேர விதியாக அறிவிக்கச் சொல்லலாம்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு அப்போது வரம்பு 45 டெசிபல், பகலில் 55. பாட்டுச் சத்தம், ஒலிபெருக்கி போன்றவற்றுக்குக் காவல் துறையை 100-இல் அழைக்கலாம். நாற்காலி இழுபடுவதற்கெல்லாம் இந்த வழி அவ்வளவாக உதவாது. காவலர் வந்து போன பிறகும் அதே படிக்கட்டில்தான் இருவரும் ஏறி இறங்க வேண்டும் என்பதால், புகாரைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.