கட்டங்கள் காட்டும் இதயத்துடிப்பு

இதயத் தசை சுருங்குவதற்குச் சற்று முன்னர் அதனூடே மெல்லிய மின்மாற்றம் ஒன்று பரவுகிறது. அம்மாற்றத்தை உடலின் மேற்பரப்பிலேயே உணர்ந்து, கோடாக வரைந்து தருவது இதய மின்வரைபடம். மருத்துவமனைகளில் இதனை ஈ.சி.ஜி. என்றே வழங்குகின்றனர். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன் என்னும் உடலியங்கியல் அறிஞர் இதனைத் துல்லியமாகப் பதியும் கருவியை உருவாக்கினார். அதற்காக 1924ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். அவரது கருவியில் எழுதுகோல் இல்லை. காந்தப்புலத்தில் நிறுத்தப்பட்ட மெல்லிழை ஒன்று அசைய, அதன் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. தொடக்க கால இதய மின்வரைபடமே ஓர் ஒளிப்படந்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

உங்கள் உடலியங்கியல் பயிற்சித்தாளில் இருப்பதோ வரைபடத்தின் ஒளிப்படம். யாரோ ஒருவர் கைப்பேசியால் எடுத்தது, அச்சிடும்போது சுருக்கப்பட்டது, நகலெடுக்கும்போது மேலும் சற்றுச் சுருங்கியது. மூலத் தாளில் 1 மி.மீ. அகலமிருந்த சிறு கட்டம் உங்கள் கையிலுள்ள தாளில் முக்கால் மில்லிமீட்டராகவும் இருக்கலாம். ஆகவே அளவுகோலை எடுத்து அலைகளின் இடைவெளியை அளக்கப் புகுந்தால் விடை பிழைபடும். ஆனால் படம் எவ்வளவு சுருங்கினாலும் அலையும் கட்டமும் ஒருசேரவே சுருங்குகின்றன. இரு துடிப்புகளுக்கிடையே இருபது சிறு கட்டங்கள் இருந்தால், எத்தனை முறை நகலெடுத்தாலும் அவை இருபதாகவே நிற்கும். நீளத்தை அளவாது கட்டங்களை எண்ணுவதற்கு இதுவே காரணம்.

கட்டம் எவ்வாறு காலத்தைக் குறிக்கிறது? கருவியில் தாள் பொதுவாக நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகர்கிறது. எனவே 1 மி.மீ. அகலமுள்ள ஒரு சிறு கட்டம் ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 0.04 நொடி. ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்து தடித்த கோடுகளால் சூழப்பட்ட ஒரு பெருங்கட்டமாகின்றன. அதன் அகலம் 0.2 நொடி. ஒரு நிமிடத்தில் 1500 சிறு கட்டங்கள் அல்லது 300 பெருங்கட்டங்கள் கடந்து செல்கின்றன. ஆகவே அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கிடையே உள்ள சிறு கட்டங்களின் எண்ணிக்கையால் 1500ஐ வகுத்தால், நிமிடத்திற்கான துடிப்பு வீதம் கிடைக்கும். இடைவெளி நான்கு பெருங்கட்டங்கள் எனில் 300ஐ நான்கால் வகுக்க 75 என்னும் விடை வருகிறது.

இடைவெளியை எங்கிருந்து எங்கு வரை எண்ணுவது? ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் சிறிய பி அலையும், அடுத்துக் கூர்மையான க்யூ.ஆர்.எஸ். தொகுப்பும், பின்னர் அகன்ற டி அலையும் தோன்றும். க்யூ.ஆர்.எஸ். தொகுப்பின் மேல்நோக்கிய கூர்முனையே ஆர் முனை. ஓர் ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனை வரை எண்ணுவதே வழக்கம். சிலரது வரைபடத்தில் டி அலையும் உயரமாக எழுந்து ஆர் முனைபோல் மயக்கும். உயரத்தை நோக்காமல் அகலத்தை நோக்கினால் மயக்கம் தீரும். இயல்பான க்யூ.ஆர்.எஸ். தொகுப்பு மூன்று சிறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும்; டி அலையோ வட்ட வடிவில் அதனினும் அகன்று பரவும். டி அலையையும் ஒரு துடிப்பாக எண்ணிவிட்டால் வீதம் இரு மடங்காகிவிடும்.

மாணவர் விடைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இன்னொன்று. தடித்த கோட்டின்மீது அமைந்த ஆர் முனையைத் தேர்ந்து, அந்தக் கோட்டையே 'ஒன்று' என எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். நான்கு பெருங்கட்ட இடைவெளிக்கு ஐந்து கோடுகள் உண்டல்லவா? எனவே ஐந்து என்று எழுதி, 75 என வரவேண்டிய வீதத்தை 60 எனப் பெறுகின்றனர். தொடங்கும் கோட்டைச் சுழியமாகக் கொள்ள வேண்டும். எண்ணப்படுவது கோடன்று, கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்.

இனி, துடிப்பின் ஒழுங்கைக் காண்பதற்கு வருவோம். ஒரு வெற்றுத்தாளின் விளிம்பை அலைகளின்மேல் வைத்து, இரண்டு ஆர் முனைகளுக்கு நேராகக் குறியிட்டு, அத்தாளை நகர்த்தி அடுத்த இரு முனைகளோடு அக்குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் முறை ஒன்றுண்டு. மூல வரைபடத்தில் இது எளிய, நல்ல முறை. ஒளிப்படத்தில் இதனை நம்ப இயலாது. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில், அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பகுதி சிறிதாகவும் விழும். இடப்பக்கத்தில் ஒரு பெருங்கட்டம் 9 மி.மீ. அகலமாகவும் வலப்பக்கத்தில் 7 மி.மீ. அகலமாகவும் அச்சாகியுள்ளது என்க. நான்கு பெருங்கட்ட இடைவெளி இடப்பக்கத்தில் 36 மி.மீ., வலப்பக்கத்தில் 28 மி.மீ. ஆகிறது. குறியிட்ட தாள் துடிப்பு ஒழுங்கற்றது என்று காட்டும். கட்டங்களோ இரு பக்கமும் நான்கே. ஒழுங்காகத் துடிக்கும் இதயத்தின்மேல் படமெடுத்தவரின் கைச்சாய்வு குற்றம் சுமத்திவிடுகிறது. ஒளிப்படத்தைப் பொறுத்தவரை வீதத்திற்கு மட்டுமன்றி ஒழுங்கிற்கும் கட்டங்களை எண்ணுவதே தக்கது.

ஒழுங்கைக் காணப் பெருங்கட்டங்கள் மட்டும் போதா. பதினெட்டு சிறு கட்டங்களும் இருபத்திரண்டு சிறு கட்டங்களும் பெருங்கட்டக் கணக்கில் 'ஏறத்தாழ நான்கு' என்றே தோன்றி, வேறுபாடு மறைந்துவிடும். மங்கிய நகலில் மெல்லிய கோடுகள் அழிந்திருந்தால், முனை விழும் பெருங்கட்டத்தை மட்டும் பென்சிலால் ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓய்வாக அமர்ந்திருந்த பதினாறு வயது மாணவர் ஒருவரின் ஆறு நொடிப் பதிவு பயிற்சித்தாளில் தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஆறு நொடி என்பது முப்பது பெருங்கட்டங்கள். அதில் எட்டு ஆர் முனைகள் உள்ளன. அவற்றிடையே உள்ள ஏழு இடைவெளிகள், சிறு கட்டங்களில், முறையே 18, 17, 18, 20, 22, 21, 19. இவற்றின் கூடுதல் 135. முதல் முனைக்கும் கடைசி முனைக்கும் இடையே பெருங்கட்டங்களைத் தனியே எண்ணினால் 27 வருகிறது. ஐந்தால் பெருக்க, அதுவும் 135. இவ்வாறு இரு வழியாகவும் ஒரே தொகை வந்தால், எண்ணிக்கையில் கட்டம் எதுவும் விடுபடவில்லை எனத் தெளியலாம்.

வீதம் என்ன? முதல் இடைவெளியை மட்டும் கொண்டால் 83. ஐந்தாவதை மட்டும் கொண்டால் 68. ஒரே மாணவருக்கு, ஒரே பதிவில், இரு விடைகள்! இடைவெளிகள் வேறுபடும்போது ஒன்றை மட்டும் தேர்ந்து வீதம் சொல்வது முறையன்று. ஆறு நொடிகளில் உள்ள முனைகளை எண்ணிப் பத்தால் பெருக்குவது விரைவான வழி. அது 80 எனத் தருகிறது. ஆனால் இவ்வழியில் விடை பத்துப் பத்தாகவே தாவும். 80க்கும் 70க்கும் இடைப்பட்ட எண் வரவே வராது. ஏழு இடைவெளிகளின் சராசரியைக் கொண்டு கணக்கிடுவது நுட்பமானது. 1500ஐ 7ஆல் பெருக்கி 135ஆல் வகுக்க, ஏறத்தாழ 78 கிடைக்கிறது.

துடிப்பு ஒழுங்கானதா? மிக நீண்ட இடைவெளி 22, மிகக் குறுகியது 17. வேறுபாடு ஐந்து சிறு கட்டங்கள், அதாவது 0.2 நொடி. மூன்று சிறு கட்டங்களை, அதாவது 0.12 நொடியை விஞ்சிய வேறுபாட்டைச் சீரின்மையாகக் கொள்வது வழக்கம். எனவே இத்துடிப்பு முற்றிலும் சீரானதன்று. இதனைக் கண்டவுடன் 'இதய நோய்' என்று எழுதிவிட்டால் விடை தவறாகும். எண்கள் வந்த வரிசையை மீண்டும் பாருங்கள். இடைவெளி 17இலிருந்து படிப்படியாக 22க்கு உயர்ந்து, பின் படிப்படியாகக் குறைகிறது. குறுகிய இடைவெளியின் நடுவிலிருந்து நீண்ட இடைவெளியின் நடுவரை ஏறத்தாழ 2.3 நொடி. அது பாதிச் சுற்று என்றால், முழுச் சுற்றுக்கு 4.6 நொடி, நிமிடத்திற்குப் பதின்மூன்று சுற்றுகள். ஓய்விலுள்ள ஒருவர் மூச்சுவிடும் வேகமும் அதுவே. மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தளர்கிறது. இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி உள்மூச்சின்போது தளர்வதும் வெளிமூச்சின்போது இறுகுவதுமே இதற்குக் காரணம். இளையோரிடம் இவ்வேறுபாடு நன்கு புலப்படும், அது நலக்குறைவன்று. ஒவ்வொரு க்யூ.ஆர்.எஸ். தொகுப்புக்கு முன்னும் ஒரே வடிவமுள்ள பி அலை ஒன்று இருப்பதையும் காண்கிறோம். துடிப்பு ஒவ்வொன்றும் இதயத்தின் இயல்பான தொடக்கப் புள்ளியாகிய சைனோ ஏட்ரியல் கணுவிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு அது சான்று.

இதே ஏழு எண்களை 20, 17, 22, 18, 21, 18, 19 என மாற்றி வைத்துப் பாருங்கள். கூடுதல் அதே 135. வீதம் அதே 78. மிகுதிக்கும் குறைவிற்கும் உள்ள வேறுபாடும் அதே ஐந்து கட்டங்கள். ஆனால் ஏறி இறங்கும் அலைப்போக்கு மறைந்துவிட்டது. இத்துடன் பி அலைகளும் காணாமல், அடிக்கோடு ஒழுங்கின்றி நடுங்கியவாறு இருந்தால், இதயத்தின் மேலறைகள் ஒருங்கே சுருங்காமல் துடிதுடிக்கும் நிலையை மருத்துவர் ஐயுறுவார். அதனை உறுதி செய்வது அவர் பணி. பயிற்சித்தாளில் நாம் எழுதத்தக்கது 'சீரற்ற இடைவெளி, பி அலை தென்படவில்லை' என்பது மட்டுமே. வீதத்தை மட்டும் எழுதிய விடையில் இவ்விரு பதிவுகளுக்கும் வேறுபாடே இராது.

ஆறு நொடிப் பதிவில் ஒரு மூச்சுச் சுற்றுதான் முழுமையாக அடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்த சுற்றிலும் அவ்வாறே ஏறி இறங்குகிறதா என்பதை அறிய இன்னும் நீண்ட பதிவு தேவை. மூச்சைச் சிறிது நேரம் அடக்கச் சொல்லி எடுத்த பதிவும் உடனிருந்தால் நன்று. மூச்சால் வந்த வேறுபாடாயின் அப்பதிவில் பெரிதும் குறைந்துவிடும்.

இறுதியாக, படத்தின் விளிம்பைப் பற்றி. தாளின் ஓரத்தில் 25 mm/s என்று வேகம் அச்சிடப்பட்டிருக்கும். ஒளிப்படத்தை வெட்டிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான். சில கருவிகள் நொடிக்கு 50 மி.மீ. வேகத்திலும் பதிகின்றன. அப்போது ஒரு சிறு கட்டம் 0.02 நொடி மட்டுமே. அவ்வாறான படத்தில் 1500ஐக் கொண்டு கணக்கிட்டால், 78 முறை துடிக்கும் இதயம் 39 முறை துடிப்பதாக விடை வரும். கட்டங்களைப் பார்த்து மட்டும் வேகத்தைக் கண்டறிய இயலாது. இரண்டிலும் கட்டம் ஒன்றுபோலவே இருக்கும். வேகம் குறிக்கப்படாத படம் தரப்பட்டால், 'நொடிக்கு 25 மி.மீ. எனக் கொண்டால்' என்று எழுதிய பின்னரே வீதத்தை எழுதுக. துடிப்பு சீரானதா அன்றா என்பதற்கு அந்த முன்குறிப்பு தேவையில்லை. இடைவெளிகள் தமக்குள் ஒத்தனவா என்பது தாளின் வேகத்தைச் சார்ந்ததன்று.