மதுரை போய் வந்த இ.வி: கி.மீட்டருக்கு 5.65 ரூபாயா, 3.62 ரூபாயா?

தாம்பரத்துக் குடும்பம் ஒன்று மின்சார காரில் மதுரை போய் வந்தது. வந்ததும் கணவரின் போனை வாங்கி, கேலரியில் இருந்த வாலட் ரீசார்ஜ் ஸ்கிரீன்ஷாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார் மனைவி. மொத்தம் 3,500 ரூபாய். ஓடியது 620 கி.மீ. "கிலோமீட்டருக்கு 5.65 ரூபாய் ஆகுதுங்க. லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலும், 15 கி.மீ. தர்ற நம்ம பழைய பெட்ரோல் காருக்கே 6.67 ரூபாய்தான். இதுக்கா ஒவ்வொரு ஊர்லயும் முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தோம்?" என்று கேட்டார். அடுத்த பயணத்துக்கு எந்த காரை எடுப்பது என்பதே அந்தக் கணக்கில்தான் இருந்தது.

ஆனால், கணக்கு தவறு. வாலட்டில் போட்ட பணம் வேறு, காரில் ஏறிய கரன்ட்டின் விலை வேறு. மீதிப் பணம் வாலட்டிலேயே கிடக்கும். எனவே ரீசார்ஜ் படங்களை ஒதுக்கிவிட்டு, ஆப்பின் ஹிஸ்டரியில் ஒவ்வொரு சார்ஜுக்கும் வரும் இன்வாய்ஸை மட்டுமே எடுக்க வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்த படமும் உதவாது. அதில் அந்த நிமிடம் வரை ஏறிய யூனிட்தான் இருக்கும். இன்வாய்ஸோடு சேர்த்துக் கூட்டினால் ஒரே சார்ஜ் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். சந்தேகம் வந்தால் டிரான்சாக்‌ஷன் நம்பரைப் பாருங்கள். இரண்டு படத்திலும் ஒரே நம்பர் என்றால் அது ஒரே சார்ஜ்தான்.

அடுத்த கேள்வி, எங்கிருந்து எங்கு வரை எண்ணுவது? பெட்ரோல் காரில் மைலேஜ் பார்க்க டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்புவோம் அல்லவா, அதேதான் இங்கும். இவர்கள் போகும்போது விழுப்புரத்தில் 80 சதவிகிதம் வரை ஏற்றினார்கள். திரும்பும்போதும் அங்கேயே 80 சதவிகிதம் வரை ஏற்றினார்கள். நடுவில் ஓடோமீட்டர் காட்டிய தூரம்தான் அந்த 620 கி.மீ. முதல் முறை விழுப்புரத்தில் ஏற்றியது கணக்கில் வராது. அது தொடக்கக் கோடு மட்டுமே. அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் வரும், கடைசி விழுப்புரம் உட்பட. இந்த வசதிக்காகவே பிளக் மாட்டும்போதும் கழற்றும்போதும் டேஷ்போர்டையும் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

இனி படங்களைப் பார்ப்போம். போகும்போது திருச்சியில் 24 யூனிட், யூனிட் 20 ரூபாய். பெருக்கினால் 480 ரூபாய், ஆனால் கழிந்தது 566.40. மிச்சம் 86.40 ரூபாய் 18% ஜி.எஸ்.டி. ஆப்பின் முகப்பில் பெரிய எழுத்தில் தெரியும் விலையில் பல இடங்களில் வரி சேர்ந்திருக்காது. யூனிட்டை விலையால் பெருக்கி, கடைசித் தொகையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வரி உள்ளேயே இருக்கிறது. 18% இடைவெளி இருந்தால் தனி. அதற்கும் மேல் போனால் பார்க்கிங், சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காததற்கான கட்டணம் போன்றவை ஒளிந்திருக்கும்.

மதுரையில் 28 யூனிட், 18 ரூபாய் வீதம், வரியோடு 594.72. திரும்பும்போது திருச்சியில் ஒரு சின்னக் குழப்பம். 1.5 யூனிட் ஏறியதும் சார்ஜர் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கி 22.5 யூனிட் ஏற்றினார்கள். ஆப்பில் 35.40, 531 என இரண்டு இன்வாய்ஸ். பணக் கணக்கில் இரண்டும் வேண்டும், ஆனால் 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு' என்று பார்க்கும்போது இது ஒரே நிறுத்தம், 566.40 ரூபாய். கடைசியாக விழுப்புரத்தில் 20 யூனிட், 22 ரூபாய் வீதம், 519.20.

மொத்தம் 96 யூனிட், 2,246.72 ரூபாய். நான்கு நிறுத்தங்களுக்குச் சராசரி சுமார் 562 ரூபாய். 620-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3.62 ரூபாய். வரியை மறந்திருந்தால் 3.07 என்று வந்து, வீண் சந்தோஷம் கொடுத்திருக்கும்!

அதோடு, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6.5 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்த எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். அடுத்த பயணத்தில் செலவு கூடினால், சார்ஜரின் விலை ஏறியதா, கார் அதிகம் குடித்ததா என்று இதுதான் பிரித்துக் காட்டும். வேகமும் ஏ.சி-யும் இந்த எண்ணைத்தான் இறக்கும், யூனிட் விலையை அல்ல.

வீட்டில் ஏற்றும் கரன்ட்டுக்கு ஆப் ஸ்கிரீன்ஷாட் இருக்காது. அங்கே சராசரி விலையைப் போடக் கூடாது. தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள சில யூனிட்களின் விலையும் சேர்ந்தே ஏறிவிடும். கார் யூனிட்டோடு ஒரு முறை, கார் யூனிட் இல்லாமல் ஒரு முறை என பில்லைப் போட்டுப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காரின் கணக்கில் எழுத வேண்டும்.