அப்டேட்டுக்குப் பின் கேமரா மங்கினால்: பழுது மென்பொருளிலா, லென்ஸிலா?

அப்டேட் முடிந்து போன் மீண்டும் எழுகிறது. பின்பக்கக் கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை, அல்லது எடுக்கும் படமெல்லாம் மங்கல். பழியை உடனே அப்டேட் மேல் போட்டுவிட முடியாது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கேமரா இந்த நேரத்தில் செயலிழந்திருக்கலாம். எது காரணம் என்பதை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம்.

பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கேமராவுக்கும் தனி லென்ஸ், தனி சென்சார். எல்லாம் ஒரே நாளில் கெடுவது அரிது. அதனால் கேமரா திரையில் 0.6x, 1x, 3x என இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். செல்ஃபி கேமராவையும் பாருங்கள். எல்லாமே இருண்டிருந்தால் சந்தேகம் மென்பொருள் மேல். ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பட்டியில் Camera access என்ற சுவிட்சைச் சேர்க்க முடியும். அது அணைந்திருந்தால் எந்த ஆப்பிலும் படம் தெரியாது.

ஒரு போனில் 1x மட்டும் கறுப்பு, மற்றவை தெளிவு என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் கேமராவிலும் அப்படியேதான். முதலில் செட்டிங்ஸில் கேமரா ஆப்பின் Clear cache-ஐ அழுத்த வேண்டும். எடுத்த படங்கள் அழியாது. அடுத்து, இறக்கிய ஆப்கள் இயங்காத Safe mode-இல் பார்க்க வேண்டும். அங்கே 1x தெரிந்தால், குறுக்கே நிற்பது ஏதோ ஓர் ஆப். அங்கேயும் கறுப்பு என்றால் அந்தக் கேமராவோ அதன் இணைப்பு நாடாவோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அபூர்வமாக அப்டேட்டே ஒரு லென்ஸை மட்டும் முடக்குவதும் உண்டு. அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், பணம் செலவழிக்காமல் அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருக்கலாம்.

மங்கலுக்கு வேறு சோதனை. லென்ஸ் கண்ணாடியை மென்துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பாருங்கள். எடுக்கும்முன் திரையில் தெளிவாகத் தெரிந்து, சேமித்த படம் மட்டும் பூசினாற்போல் இருந்தால், படத்தை மெருகேற்றும் மென்பொருளின் வேலை அது. அழகூட்டும் வசதியை அணைத்து, கேமரா செட்டிங்ஸை ரீசெட் செய்து பாருங்கள்.

திரையிலேயே மங்கலாக இருந்தால் லென்ஸைக் கவனிக்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் புகை படிந்தாற்போல் தெரிந்தால், மேல் கண்ணாடியில் கீறலோ உள்ளே ஈரமோ இருக்கலாம். அருகில் தெளிவு, தூரத்தில் மங்கல் என்றால் ஃபோகஸ் செய்ய லென்ஸை நகர்த்தும் பகுதி சிக்கியிருக்கும். படம் நடுங்கி, கிர்ரென்று ஒலி வந்தால் நடுக்கம் தணிக்கும் பகுதி பழுது. பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஓட்டுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: சக்திவாய்ந்த பைக் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஃபேக்டரி ரீசெட் பயன் தராது. போனில் உள்ளவைதான் அழியும். கேமராவை மாற்றச் சொன்னால், முதலில் வேறு கேமராவைப் பொருத்திப் படம் தெளிவாக வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.