சந்தையின் பயமானியும் முதலீட்டாளரின் ரத்த அழுத்தமும்

இந்தியா விக்ஸ் எதை அளக்கிறது?

அடுத்த 30 நாட்களில் நிஃப்டி எவ்வளவு ஏறி இறங்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ, அதை ஒற்றை எண்ணாகச் சொல்லும் குறியீடுதான் இந்தியா விக்ஸ். தேசியப் பங்குச் சந்தை இதை 2008 முதல் வெளியிட்டு வருகிறது. சிகாகோவின் ஆப்ஷன் சந்தை 1993-இல் தொடங்கிய விக்ஸ்தான் இதற்கு முன்மாதிரி.

இந்த எண் யாரிடமும் கருத்துக் கேட்டுப் பெறப்படுவதல்ல. நிஃப்டி ஆப்ஷன்களுக்கு அந்த நிமிடத்தில் கேட்கப்படும், கொடுக்கப்படும் பிரீமியங்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. சந்தை விழுந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவது புட் ஆப்ஷன். விழுந்துவிடுமோ என்ற அச்சம் பரவும்போது அதை வாங்க ஆட்கள் முண்டியடிக்கிறார்கள், பிரீமியம் ஏறுகிறது, விக்ஸும் கூடவே ஏறுகிறது. ‘பயமானி’ என்ற பட்டப்பெயர் இப்படி வந்ததுதான். ஆனால் பெயரில் உள்ள பயம் சற்று ஏமாற்றும். ஏறுவதற்கான கால் ஆப்ஷன்களின் விலையும் இந்தக் கணக்கில் சேர்கிறது. அசைவு பெரிதாக இருக்கும் என்றுதான் விக்ஸ் சொல்கிறது. மேலேயா கீழேயா என்று சொல்வதில்லை.

எண்ணைப் படிக்க எளிய வழி உண்டு. விக்ஸ் ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் சதவீதம். அதை மூன்றரையால் வகுத்தால் ஒரு மாதத்துக்கான எதிர்பார்ப்பு கிடைக்கும். 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு நாளுக்கானது. விக்ஸ் 14 என்றால், அடுத்த ஒரு மாதத்தில் நிஃப்டி 4 சதவீதத்துக்குள் ஏறி இறங்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு என்று சந்தை விலை வைத்திருக்கிறது. மீதி ஒரு பங்கு அந்த எல்லைக்கு வெளியே இருப்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வாக்கு எண்ணிய நாள்

2024 மக்களவைத் தேர்தல் இந்தப் பயமானியைப் புரிந்துகொள்ள நல்ல பாடம். ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு தொடங்கிய சில நாட்களில் விக்ஸ் 10-ஐ ஒட்டிக் கிடந்தது. கட்டம் கட்டமாக வாக்குப்பதிவு நகர நகர, முடிவு என்னாகும் என்ற பதற்றம் பிரீமியத்தில் ஏறியது. மே மாத நடுவிலேயே எண் 20-ஐத் தாண்டிவிட்டது.

ஜூன் 1 மாலை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் ஆளுங்கட்சிக்குப் பெரும் வெற்றி என்றன. ஜூன் 3 திங்கட்கிழமை நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90-இல் முடிந்தது. அன்று விக்ஸ் 21-க்குக் கீழே இறங்கியது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: நான்காண்டுகளில் மிகப் பெரிய ஒருநாள் சரிவுக்கு முந்தைய நாள், பயமானி இறங்கியிருந்தது.

ஜூன் 4 காலை எண்ணிக்கை தொடங்கியது. ஆளுங்கட்சி தனிப் பெரும்பான்மைக்குக் குறைவாக நிற்பது தெரியத் தெரிய நிஃப்டி சரிந்தது. முடிவில் 21,884.50, இழப்பு 5.93 சதவீதம். பகலில் விக்ஸ் 31-ஐத் தாண்டி, 27-க்குச் சற்றுக் கீழே முடிந்தது. முந்தைய நாளின் எண்ணை 16-ஆல் வகுத்தால் வருவது 1.3 சதவீதம், நடந்ததோ அதைப்போல் நான்கரை மடங்கு. இதற்குக் குறியீட்டைக் குறை சொல்வது சரியல்ல. 30 நாள் அச்சத்தைச் சராசரியாக்கித் தருவது அதன் வேலை. ஒரே நாளில் குவிந்திருக்கும் அச்சம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும்.

மறுநாளே விக்ஸ் 19-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் ஆட்சி தொடரும் என்ற நம்பிக்கையில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஜூன் 7 வெள்ளியன்று 23,290.15-இல் முடிந்து, சரிவுக்கு முந்தைய நிலையைத் தாண்டியது.

பத்து லட்சத்தின் நான்கு நாள் கணக்கு

உதாரணமாக, டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் நிஃப்டி குறியீட்டு நிதியில் ஜூன் 3 அன்று 10 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஜூன் 4 முடிவில் அது சுமார் 9,40,700. ஐந்தாம் தேதி 9,72,300. ஏழாம் தேதி 10,01,100.

இவர் நான்காம் தேதி மதியம் தொலைக்காட்சியைப் பார்த்துப் பதறி, மூன்று மணிக்குள் ‘விற்றுவிடு’ என்று செயலியில் அழுத்தியிருந்தால், கிடைத்திருப்பது அன்றைய முடிவு விலை. அதாவது அந்த வாரத்திலேயே மிகக் குறைந்த விலை. ஏறத்தாழ 59,000 ரூபாய் நிரந்தர இழப்பு. எதுவும் செய்யாமல் இருந்தவருக்கு இழப்பு மூன்று நாள் திரையில் தெரிந்த எண் மட்டுமே. நிதியின் செலவு விகிதம் சில ரூபாய்களை மாற்றும். கணக்கின் போக்கை மாற்றாது.

உடலுக்குள் நடப்பது

பதறி விற்றவரை அறிவில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. உடற்கூறு அப்படிச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் கோட்ஸ், ஜோ ஹெர்பர்ட் இருவரும் லண்டன் வர்த்தகக் கூடம் ஒன்றில் 17 வர்த்தகர்களின் உமிழ்நீரைக் காலையும் மாலையும் எடுத்துப் பரிசோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தையின் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு கூடும்போது அவர்கள் உடலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியது. அந்த எதிர்பார்ப்பை அவர்கள் அளந்ததும் ஆப்ஷன் விலையிலிருந்துதான். பயமானி என்பது அந்த அளவில் வெறும் உருவகமல்ல.

2014-இல் கேம்பிரிட்ஜ் குழுவின் அடுத்த ஆய்வு இன்னும் பயனுள்ளது. தன்னார்வலர்களுக்கு எட்டு நாள் மருந்து கொடுத்துக் கார்டிசாலை உயர்த்திப் பார்த்தார்கள். முதல் நாள் உயர்வால் முடிவெடுக்கும் போக்கில் மாற்றமில்லை. நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தபோது அவர்கள் ரிஸ்க்கைக் கண்டு கணிசமாக ஒதுங்கினார்கள். ஒருநாள் அதிர்ச்சியைவிட, நாள் நாளாக நீளும் பதற்றம்தான் தீர்ப்பைச் சாய்க்கிறது என்பது இதன் பொருள்.

கார்டிசாலும் அட்ரினலினும் உயரும்போது ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கலையும். கலிஃபோர்னியாவின் பல ஆண்டு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த எங்கல்பெர்க், பார்சன்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள், பங்குச் சந்தை பெரிதாக விழும் நாளிலேயே மருத்துவமனைச் சேர்க்கைகள் கூடுவதைக் கண்டார்கள். பதற்றம் போன்ற மனநலக் காரணங்களில் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

தேதியுள்ள பயம், தேதியில்லாத பயம்

சாதாரண முதலீட்டாளர் விக்ஸ் எண்ணைவிட அதன் பின்னால் உள்ள பயத்துக்குத் தேதி உண்டா என்று பார்ப்பது நல்லது. தேர்தல் முடிவு, நாடாளுமன்றத்தில் பட்ஜெட் ஆகியவை நாள்காட்டியில் குறிக்கப்பட்டவை. அதற்கு முன் விக்ஸ் ஏறும். விஷயம் தெரிந்ததும், முடிவு நல்லதோ கெட்டதோ, பெரும்பாலும் இறங்கும். இத்தகைய பயத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வீண்.

2020 மார்ச் வேறு வகை. மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் விழுந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு டெல்லியிலிருந்து 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் விக்ஸ் 80-ஐத் தாண்டியது. தொற்று எப்போது முடியும் என்று யாராலும் தேதி சொல்ல முடியவில்லை. கார்டிசால் நாள்கணக்கில் இறங்காமல் இருப்பதற்கான சூழல் அதுதான். அப்போது 7,610-இல் இருந்த நிஃப்டி, ஓராண்டு கழித்து ஏறத்தாழ இரு மடங்காக 14,800-ஐ ஒட்டி நின்றது. விக்ஸ் உச்சத்தில் விற்றவர்கள் அடைந்த இழப்பு இந்த இடைவெளிதான். அதற்காக ‘விக்ஸ் உயர்ந்தால் வாங்கு’ என்று விதி எழுதிவிடவும் முடியாது. எண் 40-இல் இருக்கும்போது அது 80-க்குப் போகுமா 20-க்குத் திரும்புமா என்பதை எண்ணே சொல்லாது.

தாழ்ந்த எண் தரும் பொய்யான நிம்மதி

2024 செப்டம்பர் இறுதியில் நிஃப்டி 26,277 என்ற உச்சத்தைத் தொட்டபோது விக்ஸ் 12-ஐ ஒட்டி இருந்தது. பிறகு ஐந்து மாதம் சந்தை மெல்ல மெல்ல இறங்கி, 2025 மார்ச் தொடக்கத்தில் 22,000-ஐ ஒட்டி வந்தது. 16 சதவீதம் போயிற்று. அவ்வளவு இறக்கத்திலும் விக்ஸ் பெரும்பாலும் சாதாரண அளவிலேயே இருந்தது. தேர்தல் நாளின் சரிவைவிட இது மிகப் பெரியது. ஆனால் நாளுக்கு நாள் சிறுகச் சிறுக நடந்ததால் பயமானி அலறவில்லை.

தாழ்ந்த விக்ஸின் இன்னொரு ஆபத்து ஆப்ஷன் வர்த்தகம். பிரீமியம் மலிவாகத் தெரிவதால் புதியவர்கள் இறங்குகிறார்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் வாயிதா, ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாகவும், அவர்களின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் என்றும் செபியின் ஆய்வு சொல்கிறது. விக்ஸைப் பார்த்து ஆப்ஷன் வாங்கும் யோசனை சொல்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

என்ன செய்யலாம்?

மாதாந்திர எஸ்.ஐ.பி. வைத்திருப்பவருக்கு விக்ஸ் 12 ஆனாலும் 30 ஆனாலும் செய்ய வேண்டியது ஒன்றே: தவணையைத் தொடர்வது. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், மகளின் கல்லூரிக் கட்டணமோ வீட்டு முன்பணமோ, பங்கில் இருந்தால் அதை விக்ஸ் அமைதியாக இருக்கும்போதே வைப்புநிதிக்கு மாற்றிவிட வேண்டும். விக்ஸ் ஏறிய பிறகு அந்த முடிவை எடுப்பது கார்டிசாலின் கையில் பேனாவைக் கொடுப்பதாகும். உயர்ந்த விக்ஸ் நாளில் விற்கத் தோன்றினால், ஓர் இரவு தூங்கி எழுந்த பின் முடிவெடுப்பது உசிதம். செயலியின் விலை அறிவிப்பையும் அன்று நிறுத்தி வைக்கலாம்.

ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் அந்த நாட்களில் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. வீட்டுக் கருவியில் ஒருமுறை அளந்து பார்ப்பதும் நல்லது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் ‘மார்க்கெட் டென்ஷன்’ என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கமின்மை, கணக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தல், கடன் வாங்கி இழப்பை ஈட்ட முயலுதல், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அழைக்கலாம். எந்நேரமும் இயங்கும் இலவசச் சேவை இது, தமிழிலும் பேசலாம்.