திரையில் இல்லை, மெமரியில் இருக்கிறது

காலையில் திறந்தால் மாலை வரை மூடாத இணையப் பக்கங்கள் சில உண்டு. டிராவல்ஸ் அலுவலகத்தின் முன்பதிவுப் பக்கம் அப்படி ஒன்று. காலையில் சொன்னபடி கேட்கும் பக்கம், மூன்று மணி வாக்கில் திணற ஆரம்பிக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் சற்று யோசித்துவிட்டுத்தான் வேலை செய்யும். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். பலர் நெட் மோசம் என்று பழி போடுகிறார்கள். பல நேரங்களில் பழி சேர வேண்டிய இடம் அந்தப் பக்கத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பக்கத்தில் 200 பஸ்களின் வரிசைகள் இருக்கின்றன என்றும், 30 விநாடிக்கு ஒருமுறை பழைய வரிசைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 24,000 வரிசைகள் வந்து போகின்றன. பத்து மணி நேரத்தில் 2,40,000. எந்த நேரத்தில் பார்த்தாலும் திரையில் 200-தான் தெரியும். எடுக்கப்பட்ட மற்றவை மெமரியை விட்டும் போயிருக்க வேண்டும். போகாமல் தங்கிவிட்டால், ஒரு வரிசைக்கு 2 கிலோபைட் என்று குறைத்தே போட்டாலும் மாலையில் 480 மெகாபைட் வீணாக அடைபட்டிருக்கும்.

ஏன் தங்குகின்றன? ஜாவாஸ்கிரிப்டில் மெமரியைக் காலி செய்வது புரோகிராமரின் வேலை இல்லை. பிரவுசருக்குள் இருக்கும் கார்பேஜ் கலெக்டர் அதைப் பார்த்துக்கொள்கிறது. இதன் அடிப்படை முறையை அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழிக்காக எழுதி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விளக்கிவிட்டார். கலெக்டர் சில வேர்களிலிருந்து தொடங்குகிறது. பக்கம் முழுமைக்கும் பொதுவான மாறிகள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் மாறிகள், திரையில் இருக்கும் பக்கம் ஆகியவை அந்த வேர்கள். வேர் எந்த ஆப்ஜெக்டைக் காட்டுகிறதோ அதற்குப் போகும். அங்கிருந்து அது காட்டும் அடுத்த ஆப்ஜெக்டுக்குப் போகும். போன இடத்திலெல்லாம் அடையாளம் இடும். கடைசியில் அடையாளம் இல்லாதவற்றைக் கூட்டித் தள்ளிவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆப்ஜெக்ட் இனி தேவைப்படுமா என்று கலெக்டருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. வேரிலிருந்து அதை எட்ட ஒரு வழி இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி. ஒரே ஒரு வழி மிச்சமிருந்தாலும் ஆப்ஜெக்ட் பிழைத்துக்கொள்ளும். இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தாலும், வேரிலிருந்து இரண்டுக்கும் வழி இல்லையென்றால் இரண்டும் போய்விடும்.

நம் முன்பதிவுப் பக்கத்துக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையோடும் கொஞ்சம் கூடுதல் தகவல் வைக்க வேண்டியிருக்கிறது: எத்தனை இருக்கை காலி, கடைசியாக எப்போது மாறியது. புரோகிராமர் இப்படி எழுதுகிறார்:

```js
const info = new Map();

function addRow(row, data) {
  info.set(row, data);
}
```

பார்க்கத் தப்பே தெரியாது. ஆனால் `info` என்பது பக்கம் திறந்திருக்கும் வரை இருக்கும் மாறி, அதாவது வேரோடு சேர்ந்தது. `Map` தன்னிடம் கொடுத்த சாவியையும் மதிப்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இங்கே சாவி, வரிசை ஆப்ஜெக்டேதான். திரையிலிருந்து வரிசையை எடுத்த பிறகும் `info` வழியாக அதை எட்ட முடிகிறது. கலெக்டர் வருகிறது, வழியைப் பார்க்கிறது, அடையாளம் இட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்னொரு கொடுமையும் உண்டு. வரிசைக்குள் இருக்கும் ஒரே ஒரு கட்டத்தை எங்காவது பிடித்து வைத்திருந்தாலும் போதும். கட்டம் தன் வரிசையைக் காட்டும், வரிசை தன் மற்ற கட்டங்களைக் காட்டும். முழுவதுமே தங்கிவிடும்.

எடுக்கும்போதெல்லாம் `info.delete(row)` என்று எழுதினால் தீரும். வரிசை பத்து இடங்களில் எடுக்கப்படுகிறது என்றால், பத்திலும் மறக்காமல் எழுத வேண்டும். 2015-இல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக்குள் வந்த `WeakMap` இந்தச் சுமையை இறக்கி வைக்கிறது:

```js
const info = new WeakMap();
```

மாற்றம் இந்த ஒரு வரிதான். `WeakMap` சாவியைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஒருவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதற்கும், அவர் கையைப் பிடித்துப் போகவிடாமல் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வரிசையை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், கலெக்டர் அதைத் தள்ளிவிடும். அதோடு கட்டியிருந்த தகவலும் போய்விடும்.

அந்தத் தகவலே தன் வரிசையைக் காட்டினால் என்ன ஆகும்? `data.row = row` என்று எழுதுவது சகஜம். ஜாவா மொழியின் `WeakHashMap` இங்கேதான் சிக்கிக்கொள்ளும். அது சாவியைத் தளர்வாகவும் மதிப்பைக் கெட்டியாகவும் பிடிக்கிறது. மதிப்பு சாவியைக் காட்டினால், சாவி போகவே போகாது. அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படி ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் `WeakMap` வேறு விதியில் நடக்கிறது. சாவிக்கு வேறு வழியாக அடையாளம் விழுந்த பிறகுதான் கலெக்டர் அதன் மதிப்புக்குள் நுழையும். மதிப்பு மட்டும் சாவியைக் காட்டுகிறது என்பது கணக்கில் சேராது. இந்த ஜோடிக்கு எஃபெமெரான் என்று பெயர். பாரி ஹேஸ் என்பவர் 1997-இல் இதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். `WeakMap`-இன் உண்மையான அருமை இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. `WeakMap`-இல் எத்தனை பதிவு இருக்கிறது என்று கேட்க முடியாது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்க்கவும் முடியாது. கலெக்டர் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாதல்லவா? எண்ணிப் பார்க்க விட்டால், ஒரே புரோகிராம் இந்த நொடி ஒரு விடையும் அடுத்த நொடி வேறு விடையும் தரும். எண்ணோ சொல்லோ சாவியாகவும் முடியாது. `"TN01"` என்ற சொல்லைப் புரோகிராம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். அது செத்துவிட்டது என்று சொல்லத்தக்க நேரமே கிடையாது.

`WeakMap` போட்ட பிறகும் மெமரி ஏறுகிறது என்றால், வரிசையை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. நிறுத்தாமல் விட்ட `setInterval` அடிக்கடி மாட்டும் குற்றவாளி. கண்டுபிடிக்க குரோம் பிரவுசரில் F12 அழுத்தி, Memory பகுதியில் Heap snapshot எடுங்கள். எடுக்கும் முன் பிரவுசரே ஒருமுறை குப்பையைக் கூட்டிவிடும், ஆகவே அதில் தெரிவதெல்லாம் யாரோ பிடித்திருப்பவைதான். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்து, மேலே தேடும் கட்டத்தில் Detached என்று தட்டுங்கள். திரையை விட்டுப் போயும் மெமரியை விட்டுப் போகாதவை வரும். அதில் ஒன்றைத் தொட்டால், கீழே Retainers பகுதி அதைப் பிடித்திருப்பது யார் என்று வேர் வரைக்கும் காட்டும். நம் முதல் புரோகிராமில் அங்கே `info` என்ற பெயரே நிற்கும்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆப்ஜெக்டோடு கூடுதல் தகவலைச் சேர்த்து வைக்க வேண்டுமா, முதலில் `WeakMap`-ஐ எடுங்கள். எண்ணவும் பட்டியலிடவும் வேண்டும் என்றால் `Map`-தான் சரி. அப்போது `set` எழுதும் அதே நாளில் `delete` எங்கே வரும் என்பதையும் எழுதிவிடுங்கள்.